அம்மா பிந்தி வருவாவாம்

போன மாரியில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்னக் குழப்பத்தில் இருந்து தொடங்குகிறேன். என் அக்காவின் மகளுக்குப் பதினொரு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ரொறன்ரோவில். அம்மம்மாவோடு தமிழில்தான் கதைப்பாள். அன்று பின்னேரம் வீட்டில் அவளும் அம்மம்மாவும் மட்டும். அக்கா வேலையிடத்தில் இருந்து மகளின் கைபேசிக்கு எடுத்து, “ஐல் பி லேற், ரெல் அம்மம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. பிள்ளை உடனே போய்ச் சொன்னது இதுதான்:

“அம்மம்மா, அம்மா சொன்னவ அவ பிந்தி வருவா எண்டு.”

அன்றைக்குச் சித்தியும் வருவதாக இருந்தது. அம்மம்மா அந்த ‘அவ’ சித்திதான் என்று எடுத்துக்கொண்டா. மகள் வழக்கம்போல ஆறு மணிக்குச் சாப்பாட்டோடு வந்துவிடுவாள் என்று நினைத்து, சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினையும் போட்டுவிட்டா. அக்கா வரும்போது ஏழரை. அதற்குள் அம்மம்மாவுக்கு வியர்த்து, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பிள்ளை தோடம்பழச் சாறு ஊற்றிக் கொடுத்ததால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு முழுக்க, “நான் வடிவாத்தானே சொன்னனான்” என்று பிள்ளை அழுதபடி இருந்தாள்.

அவள் ஆங்கிலத்துக்குச் சரியாகத்தான் சொன்னாள். ‘ஷீ செட் ஷீட் பி லேற்’ என்ற வசனத்தை அச்சுப் பிசகாமல் தமிழுக்குக் கொண்டு வந்திருந்தாள். பிசகு இருந்தது அங்கேதான்.

ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லும்போது, செய்தி கொண்டு போகிறவர் தான் நிற்கிற இடத்தில் இருந்து எல்லாவற்றையும் திருப்பி அடுக்குவார். ‘ஐ’ என்பது ‘ஷீ’ ஆகும். ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும். தமிழில் ‘என்று’ போட்டுச் சொல்லும்போது நாங்கள் அப்படிச் செய்வதில்லை. சொன்னவரின் வாயில் இருந்து வந்ததை ஏறக்குறைய அப்படியே வைத்து, பின்னால் ‘எண்டு சொன்னவ’ என்று கட்டிவிடுகிறோம். “அம்மா, நான் பிந்தி வருவன் எண்டு சொன்னவ.” இந்த வசனத்தில் வரும் ‘நான்’ அம்மா. செய்தி சொல்கிற பிள்ளை அல்ல. ஊரில் வளர்ந்த எவருக்கும் இதில் ஒரு கணம்கூடத் தடுமாற்றம் வராது.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வரும். “நான் எண்டு சொன்னா நானெல்லோ பிந்தி வாறதா வரும்?” என்று எங்கள் பிள்ளை கேட்டாள். ஆங்கிலத்தின் கண்ணால் பார்த்தால் அது சரியான கேள்வி. அந்தப் பயத்தில்தான் ‘நான்’ என்பதை எடுத்துவிட்டு ‘அவ’ என்று போட்டிருக்கிறாள். ஆனால் ‘எண்டு’ போட்ட வசனத்துக்குள்ளே ‘அவ’ என்று வந்தால், சொன்ன ஆளைத் தவிர்த்து மூன்றாவது ஒருத்தியைத்தான் தமிழ்க் காது முதலில் தேடும். அம்மம்மாவின் காதும் அதைத்தான் செய்தது.

திரும்பிய திசையிலும் இது நடக்கும், அப்போது மாட்டுப்படுவது பெரியவர்கள். மகள் காய்ச்சலோடு படுத்திருந்து, “இண்டைக்கு நான் வரேல்லை” என்கிறாள். தகப்பன் பள்ளிக்கூட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, “மை டோட்டர் செட் ஐ ஆம் நொட் கமிங் ருடே” என்கிறார். மறுபக்கத்தில் இருப்பவருக்கு இது தகப்பன் வரமாட்டார் என்ற செய்தி. மகள் வரவில்லை என்ற குறிப்பு எங்கும் பதியப்படாது, மத்தியானம் வீட்டுக்கு அழைப்பு வரும். அவருடைய ஆங்கிலச் சொற்களில் பிழை எதுவும் இல்லை. ‘ஐ’ என்பதைத் தமிழ் ‘நான்’ போலப் பாவித்ததுதான் பிழை.

இதைவிடக் கள்ளமானது காலம். “ஷீ செட் ஷீ வாஸ் சிக்” என்று ஆங்கிலத்தில் சொன்னால், சொன்ன நேரத்தில் அவவுக்கு வருத்தம் என்பதுதான் சாதாரணமாக வரும் பொருள். ‘செட்’ என்பது இறந்தகாலம் ஆனதால் ‘இஸ்’ என்பதும் அதன் பின்னால் இழுபட்டு ‘வாஸ்’ ஆகிவிட்டது, அவ்வளவுதான். பிள்ளை இதைத் தமிழில், “சித்தி தனக்கு வருத்தமா இருந்தது எண்டு சொன்னவ” என்று சொன்னால், கேட்கிறவருக்கு வருத்தம் வந்து மாறிவிட்டது என்றுதான் விளங்கும். அம்மம்மா, “அப்ப இப்ப சுகம்தானே” என்று இருந்துவிடுவா. தமிழுக்கு அந்த இழுபாடு தேவையில்லை. “வருத்தமா இருக்கு எண்டு சொன்னவ” என்றாலே போதும். சொன்னது நேற்றாக இருந்தாலும் உள்ளே ‘இருக்கு’ நிற்கலாம்.

சரி, ‘நான்’ என்று சொல்லப் பிள்ளை பயப்படுகிறாள், ‘அவ’ என்றால் ஆள் மாறுகிறது. வேறு வழி என்ன? இரண்டு வழி உண்டு. இரண்டும் எங்கள் வீடுகளில் நாளாந்தம் புழங்குபவை. நாங்கள் அவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

முதலாவது ‘தான்’. “அம்மா தான் பிந்தி வாறன் எண்டு சொன்னவ.” இங்கே ‘தான்’ என்பது சொன்ன ஆளையே திரும்பக் காட்டும், வேறு ஒருவரைக் காட்டாது. ஆனால் வினையைப் பாருங்கள்: ‘வாறன்’. அது ‘நான்’ என்பதற்கு உரிய முடிவு. எழுவாய் ‘தான்’, வினை ‘நான்’ உடையது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளை இப்படி எழுதினால் சில ஆசிரியர்கள் சிவப்பு மையால் வட்டம் போடுவார்கள், ‘தான் வருவதாகச் சொன்னார்’ என்று திருத்துவார்கள். எழுத்துக்கு அந்தத் திருத்தம் நல்ல வசனம்தான். ஆனால் பேச்சில் ‘தான் வாறன் எண்டு’ பிழை அல்ல; ஊரிலே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஒரு எச்சரிக்கை: ‘தான்’ என்பதற்கு அழுத்தச் சொல் என்ற இன்னொரு வேலையும் உண்டு. “அம்மா” என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விடாவிட்டால் ‘அம்மாதான் சொன்னவ’ என்று காதில் விழலாம்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆம்’. “அம்மா பிந்தி வருவாவாம்.” முடிந்தது. சொன்னவ, எண்டு, நான், அவ, ஒன்றும் வேண்டாம். இங்கே ஆள் குழம்புவதில்லை, ஏனென்றால் ‘ஆம்’ வரும்போது தமிழும் ஆங்கிலத்தைப் போலச் செய்தி சொல்கிறவரின் இடத்தில் இருந்து பேசத் தொடங்குகிறது. அதனால் “நான் பிந்தி வருவனாம்” என்றால், வேறு யாரோ என்னைப் பற்றி அப்படிச் சொல்கிறார்கள் என்று பொருள். “நான் பிந்தி வருவன் எண்டு சொன்னவ” என்பதோடு இதை வைத்துப் பாருங்கள், இரண்டு ‘நான்’களும் இரண்டு ஆட்கள். ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளைக்கு ‘ஆம்’ இலகுவாக வருவதற்கும் இதுதான் காரணம்.

‘ஆம்’ இன்னொன்றும் செய்யும். இது நான் கண்டது அல்ல, கேட்டது, கைமாற்றுகிறேன் என்று சொல்லிவிடும். அதில் ஒரு குறை, யார் சொன்னது என்பது அதில் இல்லை. தேவையானால் ஆளைத் தனியாகச் சொல்ல வேண்டும்: “இப்ப அம்மா எடுத்தவ, பிந்தி வருவாவாம்.” குரலையும் கவனிக்க வேண்டும். “வருவாராம்” என்று கடைசியை இழுத்தால், எங்கே வரப்போகிறார் என்ற நக்கல் ஏறிவிடும். பிள்ளைகள் இந்த இழுவையைத்தான் முதலில் பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஜேர்மனியில் இருக்கும் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அங்கே ‘ஸொல்’ என்ற வினை கிட்டத்தட்ட எங்கள் ‘ஆம்’ செய்யும் வேலையைச் செய்யும். “ஸீ ஸொல் க்ராங்க் ஸைன்” என்றால் அவவுக்கு வருத்தமாம். “டூ ஸொல்ஸ்ட் கொம்மன்” என்று தாயின் செய்தியைப் பிள்ளை தம்பியிடம் சொன்னால், அது எங்கள் “அம்மா உன்னை வரட்டாம்” என்பதேதான். கேள்விப்பட்டதற்கும் ஏவலைக் கைமாற்றுவதற்கும் அங்கே ஒரே வினை, இங்கே ஒரே ‘ஆம்’. என் மைத்துனரின் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, இரண்டு நாளில் ‘வரட்டாம், சாப்பிடட்டாம், படுக்கட்டாம்’ என்று வீடெல்லாம் கட்டளை பறந்தது. ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள இப்படி ஒரு கொழுக்கி இல்லை.

வீட்டுக்கு வெளியே இந்த ‘நான்’ எவ்வளவு தூரம் போகும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அகதி விசாரணையில் ஒருவர், “அண்ணா சொன்னவர், முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைச்சனான் எண்டு” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனதும் கையெழுத்து வைத்ததும் அண்ணா. மொழிபெயர்ப்பாளர்கள் பேசுபவரின் ‘நான்’ என்பதை ‘ஐ’ என்றே சொல்வது தொழில் வழக்கம். அந்த ஓட்டத்தில் உள்ளே இருக்கும் அண்ணாவின் ‘நான்’ என்பதும் ‘ஐ’ ஆகிவிட்டால், கையெழுத்து வைத்தவர் விண்ணப்பதாரராகிவிடுவார். பத்து நிமிடத்துக்கு முன் “நான் அந்த முகாமுக்குப் போனதே இல்லை” என்று அவர் சொல்லியிருந்தால், பதிவில் அது முரண்பாடு. அதோடு ‘வைச்சனான்’ எங்கள் பக்கப் பேச்சு. தமிழ்நாட்டில் இருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்த ‘-னான்’ ‘அவன் செய்தான்’ என்பது போலக் கேட்கவும் இடமுண்டு. அப்படியான இடங்களில் ‘நான்’, ‘தான்’ எதையும் நம்பாமல் ஆளின் உறவையே திரும்பத் திரும்பச் சொல்வது நல்லது: “அண்ணாதான் போனவர். அண்ணாதான் கையெழுத்து வைச்சவர். எனக்கு அதை அண்ணா சொன்னவர்.” கேட்க அழகில்லை, ஆனால் ஆள் மாறாது. ஜேர்மனியில் நேர்காணல் பதிவை மொழிபெயர்த்து வாசித்துக் காட்டுவார்கள். அப்போது களைப்பில் தலையாட்டாமல், ஒவ்வொரு ‘நான்’ என்பதும் யார் என்று கேட்டுத் திருத்த வேண்டும்.

நாள் சொற்களுக்கும் இதே வைத்தியம்தான். நேற்று ஒருவர் “நாளைக்கு வாறன்” என்றார். இன்று பிள்ளை, “நாளைக்கு வாறன் எண்டு சொன்னவர்” என்று அப்படியே சொன்னால், அது இன்றைக்கா நாளைக்கா? தமிழ் அறிந்த பெரியவர்களே இதில் பிழைவிடுவோம். புதன், வியாழன் என்று கிழமையைச் சொல்லிவிட்டால் தகராறு இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. செய்தி கொண்டு வரும் பிள்ளையிடம் அம்மம்மா, “ஆர் பிந்தி?” என்று ஒரு முறை திருப்பிக் கேட்பா. போன வெள்ளிக்கிழமை பிள்ளை, “அம்மம்மா, அம்மா பிந்தி வருவாவாம், நீங்கள் ஊசி போடவேண்டாமாம்” என்றாள். அக்கா ஊசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டாவது ‘ஆம்’ அவளே போட்டது.