குதிரையின் இருமுனைத் தாக்குதல்

சதுரங்கப் பலகையில் மற்றெல்லாக் காய்களும் நேர்கோட்டிலோ சாய்கோட்டிலோ செல்லுகின்றன. குதிரை ஒன்றே வளைந்து பாய்கிறது. இடையில் நிற்கும் காய்களையும் தாண்டுகிறது. ஒரே பாய்ச்சலில் எதிரியின் இரண்டு காய்களை அது ஒருசேரத் தாக்குமாயின், எதிரியால் ஒன்றைத்தான் காக்க முடியும். மற்றொன்று நம் கைக்கு வந்துவிடும். ஆட்டத்தின் நடுக்கட்டத்தில் இத்தகைய வாய்ப்பு பன்முறை தோன்றுகிறது. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாமலே கழிந்தும் போகிறது. அதைக் கண்டுகொள்ள ஏதேனும் வழியுண்டா?

உண்டு. கட்டங்களின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளைக் கட்டத்தில் நிற்கும் குதிரை கறுப்புக் கட்டங்களை மட்டுமே தாக்கும். கறுப்பில் நிற்பது வெள்ளையை மட்டுமே தாக்கும். ஆகவே எதிரியின் அரசனும் அரசியும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நின்றால், குதிரை அவ்விரண்டையும் ஒருங்கே தாக்குதல் இயலாது. ஒரே நிறத்தில் நின்றால்தான் நாம் விழிப்படைய வேண்டும். அதிலும் ஒரு விலக்கு உண்டு. ஒரே சாய்கோட்டில், நடுவே ஒரே ஒரு கட்டம் விட்டு நிற்கும் இரு காய்களை எந்தக் குதிரையும் ஒருசேரத் தாக்க முடியாது. பலகையில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இந்த நிற விதி எவ்வாறு பயன்படுகிறது என்பதற்கு 1966-ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் பத்தாவது ஆட்டம் சிறந்த சான்று. வெள்ளைக் காய்களை ஆடியவர் அப்போதைய உலக வீரர் பெட்ரோசியன். கறுப்புக் காய்களை ஆடியவர் ஸ்பாஸ்கி. முப்பதாவது நகர்த்தலுக்கு முன் இருந்த நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு அரசன் ஜி8, அரசி ஜி5, யானை எஃப்7. வெள்ளை அரசி பி2. குதிரைகள் டி6-இலும் இ3-இலும். மற்றக் காய்கள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை அல்ல.

ஜி8 வெள்ளைக் கட்டம். ஜி5 கறுப்புக் கட்டம். எனவே இந்த நிலையில் கறுப்பு அரசனையும் அரசியையும் ஒருங்கே தாக்க வழியில்லை. டி6 குதிரை எஃப்7-இல் உள்ள யானையை உடனே வெட்டினாலோ, அரசன் குதிரையை வெட்டிவிடுவான். எனவே இரண்டு தடைகள்: அரசன் நிற்பது தவறான நிறம், எஃப்7 அவனது காவலில் உள்ளது.

பெட்ரோசியன் ஒரே நகர்த்தலில் இரண்டையும் நீக்கினார். தம் அரசியைப் பி2-இலிருந்து நெடிய சாய்கோட்டின் வழியே எச்8-க்குக் கொண்டு சென்று முற்றுகையிட்டார். அரசன் ஜி7-க்கோ எஃப்8-க்கோ ஒதுங்க முடியாது; அவ்விரு கட்டங்களும் அரசியின் தாக்குதலில் உள்ளன. அவளை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டினால் அரசன் எச்8 என்னும் கறுப்புக் கட்டத்துக்கு வந்துவிடுவான். எஃப்7-இன் காவலும் போய்விடும். அப்போது குதிரை யானையை வெட்டி, முற்றுகையிட்டு, அரசியையும் சேர்த்துத் தாக்கும். அரசன் விலகியதும் அரசி வீழ்வாள். கணக்கிட்டால் வெள்ளை இழந்தது ஓர் அரசி. பெற்றது ஓர் யானையும் ஓர் அரசியும். முடிவில் வெள்ளைக்கு ஒரு குதிரையும் ஒரு காலாளும் மிகுதி. இதையுணர்ந்த ஸ்பாஸ்கி, அந்த அரசியை வெட்டாமலே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இது திடீரென வந்த அதிர்ஷ்டமன்று. கறுப்பின் காவல் அமைச்சர் முன்பே மாற்றத்தில் போய்விட்டதால் நெடிய சாய்கோடு திறந்திருந்தது. குதிரை டி2-இலிருந்து இ4 வழியே டி6-க்கு வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முந்திய நகர்த்தலில் வெள்ளை அமைச்சர் எஃப்7-இல் ஒரு யானையை வெட்ட, மற்றொரு யானை அதே இடத்துக்கு இழுக்கப்பட்டது. இந்த மூன்றும் கூடியபின்னரே அந்த அடி பலித்தது.

ஆகவே நடுக்கட்டத்தில் பின்னிருந்து முன்னாகச் சிந்திக்க வேண்டும். எதிரியின் அரசனும் அரசியும் எக்கட்டங்களில் நிற்கின்றனர் என்று முதலில் காணுங்கள். அவ்விரண்டையும் தாக்கக்கூடிய பொதுக்கட்டம் எது? மூலையிலுள்ள அரசனை எஃப்7, ஜி6 என்னும் இரண்டு கட்டங்களிலிருந்து மட்டுமே குதிரை தாக்க முடியும். ஆதலின் தேடல் எளிது. நிறம் பொருந்தாவிடில், முற்றுகையிட்டோ ஒரு காயைப் பலியிட்டோ அரசனை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பின்னரே. பாயும் கட்டத்தை எதிரியின் வேறு காய் காக்கிறதா என்று பாராமல் குதிரையை இழக்கின்றனர். தாக்கப்பட்ட காய்களில் அரசன் இல்லாதபோது மேலும் எச்சரிக்கை தேவை. தாக்கப்பட்ட அரசி விலகும்போதே நம் அரசனை முற்றுகையிட்டால், நாம் அதற்கு விடை தேடும் நேரத்தில் மற்றக் காயும் தப்பிவிடும். பெட்ரோசியனின் இ3 குதிரை காப்பின்றிக் கறுப்பு அரசியின் தாக்குதலில் நின்றது. ஆயினும் எஃப்7-இல் விழுந்த அடி முற்றுகையாக அமைந்ததால், அதை வெட்ட ஸ்பாஸ்கிக்கு நேரமே கிடைத்திராது.