வேலையை விடும்போது வரும் ஒரு கடிதம்

ராஜினாமா கொடுத்தவருக்கு எச்.ஆர். துறையிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வரும். வேலையில் தெரிந்துகொண்ட வாடிக்கையாளர் விவரங்களையும் நிறுவன ரகசியங்களையும் வெளியே சொல்லக்கூடாது என்று அதில் இருக்கும். ரிலீவிங் லெட்டர் கையில் வந்தால் போதும் என்ற அவசரத்தில் பலரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நிறுவனங்களும் எங்கிருந்தோ நகலெடுத்த நான்கு வரிகளில் வேலையை முடித்துவிடுகின்றன. இரண்டுமே தவறு.

இப்படியொரு கடிதம் ஏன் தேவை என்பதை இங்கிலாந்தின் ஒரு கோழிக்கறி வியாபாரம் நன்றாகக் காட்டுகிறது. ஃபசெண்டா சிக்கன் என்ற நிறுவனம் குளிரூட்டிய வேன்களில் கோழிக்கறியைக் கடை கடையாகக் கொண்டுபோய் விற்றது. அதன் விற்பனை மேலாளர் வேலையை விட்டு, அதே பகுதியில் அதே தொழிலைத் தொடங்கினார். பழைய சகாக்கள் சிலரும் அவருடன் போனார்கள். எந்தக் கடைக்கு எந்த நாளில் எவ்வளவு வேண்டும், என்ன விலை, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இது தங்கள் ரகசியம் என்று நிறுவனம் வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றது.

தோற்றதற்கான காரணங்கள்தான் முக்கியம். அந்த விவரங்கள் வேன் ஓட்டுநர்கள் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தன. ரகசியமும் ரகசியமல்லாததும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்தன. இது ரகசியம் என்று ஊழியர்களிடம் நிறுவனம் தெளிவாகச் சொன்னதற்கும் சான்று இல்லை. வேலை பார்த்துப் பார்த்துத் தலையில் ஏறிய பொது அனுபவம் ஊழியருக்கே சொந்தம்; நிறுவனத்தின் உண்மையான தொழில் ரகசியத்தை மட்டுமே வேலையை விட்ட பிறகும் காக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இந்தியாவிலும் கோடு ஏறக்குறைய அங்கேதான் விழுகிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே போட்டி நிறுவனத்தில் இத்தனை வருடம் சேரக்கூடாது என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால், வேலையை விட்டவரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் பழைய நிறுவனம் சேர்த்துவைத்த வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப்போய்ப் பயன்படுத்துவது வேறு சங்கதி. 1995இல் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கில் அப்படிப்பட்ட பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று கருதி, அதைப் பயன்படுத்த முன்னாள் ஊழியருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

நடைமுறையில் இது எப்படி வரும்? காப்பீட்டு நிறுவனங்களுக்கு க்ளெய்ம் சரிபார்க்கும் ஒரு சென்னை நிறுவனத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் வேலை பார்த்த ஒரு பெண் ராஜினாமா செய்கிறார். மோசடி க்ளெய்மைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் அவருடையது. அதை எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்தபோது சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்ட எக்செல் தாள் இருக்கிறது. அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்த மருத்துவ அறிக்கைப் படங்கள் போனில் இருக்கின்றன. அவை அவருடையவையும் அல்ல, நிறுவனத்துடையவையும் அல்ல. யாரோ ஒரு நோயாளியின் அந்தரங்கம். என்னைக் கேட்டால், தொழில் ரகசியத்தைவிட இதைத்தான் முதலில் காக்க வேண்டும். அந்த நோயாளிக்கு இவர் யாரென்றே தெரியாது.

எல்லாம் ரகசியம் என்று பொதுவாக எழுதிய கடிதம் இவருக்கு உதவாது. எந்தெந்த வாடிக்கையாளரின் விவரம், எந்த விலைப்பட்டியல், எந்த மென்பொருள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். சொந்த மின்னஞ்சல், போன், பென் டிரைவ், கூகுள் டிரைவ் ஆகியவற்றில் இருப்பதைச் சொல்லும்படி கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் யாரை அழைப்பது என்றும் இருக்க வேண்டும். இதைக் கடைசி நாளில் கொடுப்பதில் பலன் குறைவு. கோப்புகளை எடுத்துப்போக நினைப்பவர் அதற்கு முன்பே எடுத்திருப்பார். கூகுளின் தானோட்டிக் கார் பொறியாளர் ஆண்டனி லெவண்டோவ்ஸ்கி பல்லாயிரம் கோப்புகளைப் பதிவிறக்கியது 2015 டிசம்பரில். அவர் விலகியது அடுத்த மாதம். 2020இல் அவருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. ராஜினாமா வந்த அன்றே கடிதம் போக வேண்டும்.

வேலையை விடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் பழைய கோப்பு இருப்பதைக் கண்டால் பயந்துபோய் நீங்களாகவே அழித்துவிடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால், தடயத்தை மறைத்ததாகவே அது தோன்றும். இன்னின்னது என்னிடம் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். அவர்கள் சொன்னபடி அழித்துவிட்டு, அதையும் எழுதித் தெரிவியுங்கள். சேரும்போது ஒப்புக்கொள்ளாத புது நிபந்தனை எதுவும் கடிதத்தில் இருந்தால், பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.