“3 மதிப்பெண் விடைக்கு 1 தானா?” - டீச்சருக்குக் கடிதம் எழுதும் முன் கவனிக்க வேண்டியவை

ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வு. கேள்வி இதுதான்: ‘தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை வைத்துக் கண்ணாடி டம்ளரால் மூடினால், டம்ளருக்குள் தண்ணீர் மேலேறுகிறது. ஏன்?’ 3 மதிப்பெண்.

மாணவி எழுதிய விடை: ‘மெழுகுவர்த்தி எரியும்போது டம்ளருக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. மெழுகுவர்த்தி அணைந்ததும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அதனால் தண்ணீர் மேலே ஏறுகிறது.’

கிடைத்தது 1. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை: ‘ஆக்சிஜன்?’

“அம்மா, நான் எழுதினது தப்பா?” என்று கேட்கிறாள் மகள். நெட்டில் தேடிப் பார்த்தால், அவள் எழுதியது சரி என்றுதான் தெரிகிறது. இரவு பத்தரை மணிக்கு அம்மாவின் விரல் வாட்ஸ்அப் பக்கம் போகிறது. ‘மிஸ், கரெக்ட் ஆன்சருக்கு எப்படி மார்க் குறைச்சீங்க?’

அனுப்பலாமா? கொஞ்சம் பொறுங்கள். பல வீடுகளில் நடக்கக்கூடிய இந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று பார்ப்போம்.

சிவப்பு மையில் இருக்கும் ‘ஆக்சிஜன்?’ என்ன சொல்கிறது?

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் கையில் விடைக்குறிப்பு ஒன்று இருக்கும். 3 மதிப்பெண் கேள்வி என்றால், பெரும்பாலும் மூன்று கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அந்தக் கருத்து விடையில் இருக்கிறதா என்பதைத்தான் பேனா தேடுகிறது.

இந்தக் கேள்விக்குப் பல இடங்களில் சொல்லிக்கொடுக்கப்படும் பழைய விளக்கம் இது: மெழுகுவர்த்தி எரிய ஆக்சிஜன் தேவை. அந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் சுடர் அணைகிறது. காலியான அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதால், தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது.

கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால், அது சரியல்ல.

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவிகிதம். மூடிய டம்ளருக்குள் அது ஏறக்குறைய 16 சதவிகிதத்துக்கு இறங்கியதுமே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். அதாவது, பெரும்பகுதி ஆக்சிஜன் உள்ளேயேதான் இருக்கிறது. எரிந்துபோன ஆக்சிஜனுக்குப் பதிலாக கார்பன் டைஆக்சைடும் உருவாகிறது. மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஆக்சிஜன் செலவானால், சுமார் இரண்டு பங்கு கார்பன் டைஆக்சைடு வருகிறது. ஆக, 5 சதவிகிதம் போய், 3 சதவிகிதத்துக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் இழப்பு 2 சதவிகிதம்கூட இல்லை. எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடுவதால், அது பெரிய இடத்தை அடைப்பதில்லை. கண்ணெதிரே தெரியும் அளவுக்குத் தண்ணீர் ஏற இது போதாது.

முக்கியக் காரணம் மகள் எழுதியதுதான். சூடான காற்று விரிந்து, ஒரு பகுதி டம்ளரை விட்டு வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

குழப்பம் இன்று வந்ததல்ல. கிரேக்கத்தின் ஃபிலோ என்ற பொறியாளர் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சோதனையை எழுதிவைத்திருக்கிறார். காற்றின் ஒரு பகுதி நெருப்பாக மாறி, கண்ணாடியின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது என்பது அவர் நினைப்பு. அதுவும் தவறுதான்.

அப்படியென்றால் மகளுக்கு 3/3 கிடைக்க வேண்டுமா?

இங்கேதான் பெற்றோர் வழுக்கி விழும் இடம். நம் பிள்ளை எழுதியதைப் படிக்கும்போது, அவள் மனதில் இருப்பதையும் சேர்த்தே படித்துவிடுவோம். தாளில் இருப்பதை மட்டும் பார்த்தால்?

காற்று விரிந்தது என்று எழுதியிருக்கிறாள். விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறியது என்று எழுதவில்லை. அது வெளியேறாவிட்டால், குளிர்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பும். தண்ணீர் ஏறத் தேவையே இல்லை. காற்று சுருங்கியதால் தண்ணீர் ஏறியது என்கிறாள். தண்ணீரைத் தள்ளியது வெளிக்காற்றின் அழுத்தம் என்று சொல்லவில்லை. மெழுகுவர்த்தி ஏன் அணைந்தது என்பதும் இல்லை. அதற்கு ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம். ஆக, டீச்சரின் ‘ஆக்சிஜன்?’ முழுக்க அநியாயமான கேள்வியும் அல்ல.

சரியான பாதையில் போன, ஆனால் முழுமையாகாத விடை. கடிதம் எழுதும் முன் இதை ஒப்புக்கொண்டுவிட்டால், தொனி தானாக மாறிவிடும்.

ஆதாரத்துக்கு கூகுள் வேண்டாம், தட்டு போதும்

இணையத்திலிருந்து எடுத்த நான்கு பக்க பிரின்ட்-அவுட்டைக் கடிதத்தோடு பின் செய்து அனுப்பினால், ‘உங்களுக்குத் தெரியாது’ என்று சொல்வதுபோல ஆகிவிடும். அதைவிட, சனிக்கிழமை காலை சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டம்ளர் தடிமனான கண்ணாடியாக இருந்தால் நல்லது.

முதலில் ஒரு மெழுகுவர்த்தி. மூடும் நேரத்தில் டம்ளர் விளிம்பைக் கவனியுங்கள். சில குமிழ்கள் தண்ணீர் வழியே வெளியேறலாம். அதுதான் விரிந்து வெளியே போகும் காற்று. தண்ணீர் எப்போது வேகமாக ஏறுகிறது என்றும் பாருங்கள். ஆக்சிஜன்தான் காரணம் என்றால், எரிய எரியச் சீராக ஏற வேண்டும். ஆனால், சுடர் மங்கி அணையும்போதுதான் விறுவிறுவென ஏறும்.

அடுத்து, அதே டம்ளர், மூன்று மெழுகுவர்த்திகள். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான். பழைய விளக்கப்படி தண்ணீரும் அதே உயரம்தான் ஏற வேண்டும். ஆனால், கூடுதல் சூட்டால் அதிகக் காற்று வெளியேறிவிடுவதால், இப்போது தண்ணீர் இன்னும் மேலே ஏறும். இரண்டு முறையும் டம்ளரை ஒரே வேகத்தில் இறக்குவது முக்கியம். மெதுவாக இறக்கினால் சூடான காற்று அதிகம் சேர்ந்து அளவு மாறிவிடும்.

தீயே வேண்டாமா? டம்ளரை வெந்நீரால் அலசிக் கொட்டிவிட்டு, உடனே தண்ணீர்த் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். எதுவுமே எரியவில்லை. இருந்தும் டம்ளர் ஆற ஆற, தண்ணீர் கொஞ்சம் மேலேறும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

விடைத்தாள் பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்து, மறுபடி பள்ளிக்கே போய்விடும். அதனால் அந்தப் பக்கத்தை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்:

*மதிப்பிற்குரிய அறிவியல் ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.*

*7-ம் வகுப்பு அறிவியல் தேர்வில், மெழுகுவர்த்தி - டம்ளர் கேள்விக்கு என் மகள் எழுதிய விடைக்கு 3-க்கு 1 மதிப்பெண் கிடைத்துள்ளது. ‘ஆக்சிஜன்?’ என்று நீங்கள் குறித்திருப்பதைப் பார்த்தோம். மெழுகுவர்த்தி ஏன் அணைகிறது என்பதையும், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் அவள் எழுதவில்லை என்பது எங்களுக்கும் புரிகிறது.*

*ஒரு சந்தேகம் மட்டும். தண்ணீர் ஏறுவதற்குக் காரணம் காற்று சூடாகி வெளியேறிக் குளிர்வது என்று அவள் எழுதியிருக்கும் பகுதி ஏற்கத்தக்கதா? வீட்டில் ஒரே டம்ளரில் ஒரு மெழுகுவர்த்தி, மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்து பார்த்தோம். மூன்று வைத்தபோது தண்ணீர் அதிகம் ஏறியது. இது ஏன் என்று அவளுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.*

*இந்த விடையில் எந்தக் கருத்துகள் இருந்திருக்க வேண்டும் என்று, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது அவளிடமோ என்னிடமோ சொன்னால் உதவியாக இருக்கும்.*

*நன்றியுடன்,*
*(பெயர், மகளின் பிரிவு, தொலைபேசி எண்)*

இதில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது, கவனித்தீர்களா? ‘காற்று சூடாகி வெளியேறிக் குளிர்வது என்று அவள் எழுதியிருக்கும் பகுதி’ என்று வருகிறது. ‘வெளியேறி’ என்று அவள் எழுதவே இல்லை. அம்மா தன்னையறியாமல் விடையைத் திருத்திவிட்டார். டீச்சர் தாளை எடுத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வோம். அதனால் பிள்ளை எழுதிய வாக்கியத்தை அப்படியே, எழுத்துப்பிழையோடு இருந்தால் பிழையோடு, மேற்கோளாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

மற்றபடி இந்தக் கடிதத்தில் ‘மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள்’ என்ற வரி இல்லை. பக்கத்து பெஞ்ச் பிள்ளைக்கு எவ்வளவு கிடைத்தது என்ற ஒப்பீடும் இல்லை. எச்.எம்.முக்கு நகலும் இல்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஒரு டீச்சரால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியும்.

என்ன பதில் வரலாம்?

‘சரிதான், வெப்பத்தைச் சொன்னதற்கு இன்னொரு மார்க் தரலாம், அழுத்தத்தை எழுதாததால் முழு மார்க் தர முடியாது’ என்று டீச்சர் சொன்னால், 3-க்கு 2. அது நியாயமான முடிவு.

‘நீங்கள் சொல்வது சரி, ஆனால் எல்லாப் பிரிவுக்கும் இதே விடைக்குறிப்புதான்’ என்றும் பதில் வரலாம். ஒருவருக்கு மாற்றினால் எல்லாத் தாளையும் மறுபடி பார்க்க வேண்டும். அப்போது, அடுத்த தேர்வுக்கு முன் விடைக்குறிப்பை மாற்ற முடியுமா என்று கேட்டுவைக்கலாம்.

பதிலே வராவிட்டால், ஒரு வாரம் கழித்துப் பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்திலோ, வகுப்பாசிரியர் மூலமோ கேட்கலாம். பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் வேண்டாம். அங்கே விடைத்தாள் போட்டோ போன பிறகு அது அறிவியல் சந்தேகமாக இருக்காது. டீச்சருக்கு எதிரான புகாராகிவிடும்.

இவையெல்லாம் பள்ளி அளவிலான தேர்வுகளுக்கு மட்டும். பிளஸ் டூ போன்ற பொதுத்தேர்வு என்றால் திருத்தியவர் யார் என்றே தெரியாது. விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிப்பதுதான் வழி.

மகளிடம் என்ன சொல்வது?

கடிதத்தை அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டுவது நல்லது. திங்கட்கிழமை அந்த வகுப்பில் உட்காரப்போவது அவள்தான்.

“அப்போ இனிமே ஆக்சிஜன்னுதான் எழுதணுமா?” என்று அவள் கேட்கக்கூடும். நம்பாத ஒன்றை மதிப்பெண்ணுக்காக எழுதப் பழகிவிடுவாளோ என்பதுதான் இதில் பெரிய கவலை; இரண்டு மதிப்பெண் அல்ல. இந்தக் கேள்வியில் அவளுக்கு அந்தச் சங்கடம் தேவையில்லை. இப்படி எழுதலாம்: ‘ஆக்சிஜன் குறைவதால் சுடர் அணைகிறது. சூட்டால் விரிந்த காற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியேறியிருக்கும். மீதிக் காற்று குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது.’

நான்கே வரி. டீச்சர் தேடிய ஆக்சிஜனும் இருக்கிறது, அவள் தட்டில் பார்த்த உண்மையும் இருக்கிறது.