அரை இஞ்ச் என்றால் எந்த அரை இஞ்ச்?

வீட்டில் புதுக் குழாய் இருந்தால், சுவருக்குள் போகும் அதன் மரைப் பகுதியில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் 'அரை இஞ்ச்' என்று கொடுத்த அதே குழாய் ஏறக்குறைய 21 மி.மீ. காட்டும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.தானே? கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்தக் காலத்து இரும்புக் குழாயில் தண்ணீர் ஓடிய உள்துளைதான் அரை இஞ்ச். இரும்பின் கனத்தையும் சேர்த்தால் வெளிவிட்டம் 21 மி.மீ. வரும், மரை வெட்டியது அந்த வெளிப்பக்கத்தில். குழாய்கள் மாறிவிட்டன, பெயர் மாறவில்லை. பெட்டியில் '15 மி.மீ.' என்று இருப்பதும் இதே அளவுதான். ஸ்கேலில் 21 வருகிறதே என்று முக்கால் இஞ்ச் வாங்கிவிடாதீர்கள். அதன் மரை 26 மி.மீ.க்கு மேல் இருக்கும்.

அளவு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பதை எங்கள் வீட்டுச் சுவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு ஷவர் செட் கொண்டுவந்தான். ஷவர் தலை, அதைத் தாங்கும் வளைந்த குழாய் இரண்டும் அதில் இருந்தன. அதுவும் அரை இஞ்ச்தான். வளைந்த குழாயைச் சுவரில் இருந்த பித்தளை எல்போவில் திருகியபோது மூன்று, நான்கு சுற்றிலேயே இறுகிவிட்டது. பிளம்பர் டெஃப்ளான் டேப்பை இன்னும் தடிமனாகச் சுற்றி, ஸ்பானர் போட்டு முறுக்கினார். சொட்டு நின்றது. ஆனால் சில வாரங்களில் சுவரின் மறுபக்கம், படுக்கையறையில், பெயிண்ட் உப்பி உரியத் தொடங்கியது.

காரணம் மரையின் வடிவம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் குழாய்களுக்குப் பயன்படுவது பி.எஸ்.பி. மரை, அமெரிக்காவில் என்.பி.டி. அரை இஞ்ச் அளவில் இரண்டுக்கும் ஓர் இஞ்சுக்கு 14 புரிகள். அதனால்தான் ஒன்று மற்றொன்றுக்குள் சுலபமாக நுழைந்து நம்மை நம்பவைக்கிறது. ஆனால் பி.எஸ்.பி. புரியின் கோணம் 55 பாகை, முனை சற்றே உருண்டிருக்கும். என்.பி.டி.யின் கோணம் 60 பாகை, முனை தட்டையாக இருக்கும். இரண்டும் சேரும்போது புரிக்குப் புரி மெல்லிய இடுக்கு விழுகிறது. அது சுருள்வழியாக ஓடும் ஒரு வாய்க்கால். டேப் அதைச் சில நாள் அடைக்கலாம், நிரந்தரமாக அடைக்காது.

எங்கள் வீட்டில் ஈரம் குளித்த பிறகு மட்டும் கூடியது. கசிவு வால்வுக்கு அப்பால், ஷவர் பக்கம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வால்வுக்கு முன்னால் என்றால் இரவு பகல் ஊறிக்கொண்டே இருக்கும். நல்லவேளையாகச் சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. வளைந்த குழாயை மட்டும் கழற்றிவிட்டு உள்ளூரில் வாங்கியதைப் போட்டோம். இந்த முறை கையாலேயே ஐந்து சுற்று இதமாகப் போனது. அதன் முனையில் மூடி போட்டு, வால்வைத் திறந்து அரை மணி நேரம் விட்டு, சுவரோரம் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்த்தோம். காகிதம் காய்ந்தே இருந்தது. மூடி போடாமல் இந்தச் சோதனையைச் செய்தால், தண்ணீர் ஷவர் வழியே போய்விடும். மூட்டில் அழுத்தம் ஏறாது.

அமெரிக்க ஷவர் தலையைத் தூக்கிப் போடவில்லை. அது இன்றும் ஒழுகாமல் ஓடுகிறது. அதற்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், மரை பிடித்துக்கொள்ள மட்டுமே. மரையே தண்ணீரைத் தடுக்க வேண்டிய இடத்தில்தான் இந்த வேறுபாடு வதைக்கும்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் சுவருக்குள் ஓடுவது சி.பி.வி.சி. குழாய். அதில் மரை வெட்டுவதில்லை, பசை போட்டு ஒட்டுகிறார்கள். உலோகக் குழாயைத் திருகும் இடத்தில் பித்தளை மரை பதித்த எல்போதான் இருக்க வேண்டும். விலை குறைவு என்று பிளாஸ்டிக் மரை எல்போவை வைத்தால், உலோக மரை ஆப்பு மாதிரி இறங்கி அதைப் பிளந்துவிடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரோம் பளபளப்பு என்பது நிக்கலின் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம். டைல்ஸ் கழுவும் ஆசிட் பட்டால் அது கரைந்துபோகும். கறுப்பு மேட் பூச்சு அழகுதான், ஆனால் போர் தண்ணீரின் உப்பு அதில் வெள்ளைத் திட்டுகளாக அப்படியே தெரியும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது 'அரை இஞ்ச்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'அரை இஞ்ச் பி.எஸ்.பி., வெளிமரை, சுவரில் சி.பி.வி.சி. பித்தளை எல்போ' என்று எழுதிக் கொண்டுபோங்கள். வாங்கியதும் டேப் சுற்றாமல் கையால் திருகிப் பாருங்கள். மூன்று சுற்றில் இறுகினால் ஸ்பானரை எடுக்காதீர்கள், பொருளைத் திருப்பிக் கொடுங்கள்.