மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், பக்க விலையைப் பாருங்கள்

புழல் காவாங்கரையில் ஒரு சின்னக் கடை. பில், விண்ணப்பப் படிவம், ஆதார் நகல் என்று மாதம் 1,000 பக்கம் கறுப்பில் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 5,000 ரூபாய்க்குக் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வாங்குகிறார். 1,000 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் ஓடினால், பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. மாதம் 2,000 ரூபாய் மைக்கே போய்விடும்.

அதே வேலைக்கு 13,000 ரூபாய் இங்க் டேங்க் பிரிண்டரில் 400 ரூபாய் பாட்டில் 4,500 பக்கம் வரும் என்றால், பக்கத்துக்கு ஒன்பது காசு. கூடுதலாகக் கொடுத்த 8,000 நாலைந்து மாதத்தில் திரும்பிவிடும். விலைகள் மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் கணக்குப் போடும் வழி இதுதான்: மை விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுங்கள். பெட்டியில் போட்ட எண்ணிக்கை, தாளில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டுமே மை படும் பக்கத்துக்கானது. கட்டம் நிறைந்த படிவமோ போட்டோவோ அடித்தால் அவ்வளவு வராது. புது லேசர் மெஷினோடு வரும் முதல் டோனரும் பல மாடல்களில் பாதி அளவுதான்.

ஆனால் டேங்க் எல்லோருக்கும் பொருந்தாது. நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் ஹெட்டில் மை காய்ந்து, எழுத்தில் வெள்ளைக் கோடு விழலாம். கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மை வீணாகி, கழிவு மை உறிஞ்சும் பஞ்சு நிறைந்து மெஷினே நின்றுவிடும். வாரம் ஓரிரு முறையாவது கலரில் ஒரு பக்கம் அடியுங்கள். மழையில் நனைந்தால் எழுத்து கலைந்துபோகிற மை பல டேங்குகளில் உண்டு. கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் போகிற மனு அடிப்பவர்களுக்குக் கறுப்பு லேசர்தான் என் பரிந்துரை. டோனர் தூள் சூட்டில் தாளில் ஒட்டிவிடும், உலர்ந்தும் போகாது. ஒரிஜினல் டோனர் பக்கத்துக்கு மூன்று ரூபாய் வரை போகலாம். ரீஃபில்லில் சில காசுகளாகக் குறையும். லேசரைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

பழைய லேசர் வாங்கினால் கான்ஃபிகரேஷன் பக்கம் அடித்து, இதுவரை எத்தனை பக்கம் ஓடியது என்று பாருங்கள். ஒரே இடைவெளியில் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம்மோ உருளையோ தேய்ந்திருக்கிறது.

மெஷின் வாரன்டிக்குள் பழுதானால், வாரன்டி அட்டையில் ஆண்டோடு பக்க வரம்பும் இருக்கிறதா என்று முதலில் படியுங்கள்; எது முன்னால் முடிகிறதோ அதுவே எல்லை. "கடைக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். வணிகத்துக்காக வாங்கியவரை 2019 சட்டம் விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழிலில் தானே உழைத்துப் பிழைப்பதற்கு மட்டும் வாங்கியவரை அது நுகர்வோராகவே ஏற்கிறது. பில்லையும், பழுதை எழுதிக் கொடுத்த தேதியையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.