லாபம் பிரியும் நாள்

மார்ச் 31 அன்று ஒரு கம்பெனியின் கணக்கு முடிகிறது. மூலதனம் 5 கோடி ரூபாய். பத்து ரூபாய்ப் பங்குகள் 50 லட்சம். வரி போக இந்த ஆண்டு லாபம் 2 கோடி. போன ஆண்டுகளில் பிரிக்காமல் விட்ட லாபம் 60 லட்சம். ஆக, கையாள வேண்டியது 2 கோடியே 60 லட்சம்.

இயக்குநர் குழு 20 லட்சத்தைப் பொதுக் காப்புக்கு ஒதுக்கி, பங்குக்கு 2 ரூபாய் டிவிடெண்ட் தரலாம் என்று பரிந்துரைக்கிறது. டிவிடெண்டுக்கு மட்டும் 1 கோடி வேண்டும்.

காப்புக்கான பதிவு எளிது. லாப இருப்பில் 20 லட்சம் பற்று, பொதுக் காப்பில் 20 லட்சம் வரவு. இதனால் பேங்கில் ஒரு ரூபாய்கூட நகர்வதில்லை. “காப்பு இத்தனை கோடி இருக்கிறதே, எடுத்துக் கொடுத்தால் என்ன?” என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தப் பணம் இயந்திரமாகவோ சரக்காகவோ எப்போதோ மாறியிருக்கும்.

டிவிடெண்ட் கதை வேறு. முன்பெல்லாம் பரிந்துரைத்த தொகையை மார்ச் 31 கணக்கிலேயே கடனாகக் காட்டினார்கள். 2016-ல் திருத்திய கணக்கியல் தரம் 4 அதை நிறுத்தியது. பரிந்துரை வெறும் பரிந்துரைதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அது கடன். எனவே நம் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் லாப இருப்பு 2 கோடியே 40 லட்சம் என்றே நிற்கும். 1 கோடி டிவிடெண்ட் பின்னிணைப்புக் குறிப்பில் மட்டும் வரும். கூட்டத்தில் அறிவித்ததும் லாப இருப்பில் பற்று எழுத, மிஞ்சுவது 1 கோடியே 40 லட்சம். முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குகிறவர் ஏமாறுவார்.

சரி, காப்புக்கு மாற்றியே ஆகவேண்டுமா? 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டிவிடெண்ட் மூலதனத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே லாபத்தில் ஒரு பங்கு கட்டாயம். 20 சதவீதத்தைத் தாண்டினால் லாபத்தில் 10 சதவீதம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

விருப்பம்தானே என்று பழக்கத்தால் மாற்றினால் பின்னால் ஒரு சிக்கல் உண்டு. நாளைக்கு லாபம் போதாத ஆண்டு வந்தால், லாப இருப்பில் கிடக்கும் பழைய லாபத்திலிருந்து டிவிடெண்ட் தரத் தடையில்லை. காப்புக்குப் போன லாபத்தைத் தொடுவதற்கோ 2014 விதிகள் குறுக்கே நிற்கும்: மூலதனமும் கட்டற்ற காப்புகளும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்ததில் முதலில் அந்த ஆண்டின் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். இதைத் தெரிந்த கம்பெனி, காரணமில்லாமல் பொதுக் காப்புக்கு ஒரு ரூபாயும் மாற்றாது. அதுவே சரியும்கூட.

ஆண்டறிக்கை கைக்கு வந்தால், லாப இருப்பைப் பார்த்த கையோடு டிவிடெண்ட் குறிப்பையும் தேடிப் பிடித்துக் கழித்துப் பாருங்கள்.