எழுந்து நிற்கும் காகிதம்

சீப்பைத் தலையில் பத்துப் பதினைந்து முறை வேகமாக இழுத்துவிட்டு, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடிக்கும் வித்தையைப் பள்ளிக்கூடம் போன எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்பார்கள். துணுக்குகள் சீப்பில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்துக் கை தட்டியிருப்பார்கள். ஒட்டுவதற்கு முந்தைய கணத்தைக் கவனித்தவர்கள்தான் குறைவு.

சீப்பை மிக மெதுவாக இறக்கிப் பார்த்தால் அது தெரியும். ஓர் உயரம் வரை துணுக்குகள் சலனமில்லாமல் கிடக்கும். பிறகு ஒரு துணுக்கின் ஓரம் மட்டும் லேசாகத் தூக்கும். சில சமயம் துணுக்கு முழுதாக எழுந்து, ஒரு முனையை மேசையில் ஊன்றி, மறுமுனையைச் சீப்பை நோக்கி நீட்டியபடி நிற்கும். இன்னும் கொஞ்சம் இறக்கினால் ஒரே தாவல்தான். சும்மா கிடந்ததற்கும் தாவியதற்கும் இடையில் சீப்பு நகர்ந்தது என்னவோ ஒரு விரற்கடைதான். அதற்குள் விசை எப்படி அத்தனை மடங்கு ஏறியது?

அதைவிட அடிப்படையான புதிர் ஒன்றும் இதில் உண்டு. தலைமுடியில் உரசிய பிளாஸ்டிக் சீப்பு பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. முடி நேர்மின்னூட்டம் பெறுகிறது. ஒத்தவை விலக்கும், மாறானவை ஈர்க்கும் என்பது பாடப்புத்தக விதி. ஆனால் காகிதத்தை யாரும் எதிலும் உரசவில்லை. அதில் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சரிசமமாக இருக்கின்றன. சீப்பு ஒன்றை ஈர்க்கும் அளவுக்கு மற்றதை விலக்கவும் வேண்டும். கூட்டிக் கழித்தால் பூஜ்ஜியம்தானே வர வேண்டும்? விடை தொலைவில் இருக்கிறது. தொலைவு கூடினால் மின்விசை எந்தக் கணக்கில் குறைகிறது என்று தெரிந்தால் காகிதம் ஏன் எழுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கை அளந்து வெளியிட்டவர் சார்லஸ் அகுஸ்டின் கூலும். பிரெஞ்சு ராணுவத்தின் கட்டுமானப் பொறியாளர், 1736இல் பிறந்தவர், கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவர். கம்பிகளை முறுக்கினால் அவை எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பதை ஆராய்ந்து 1784இல் கட்டுரை எழுதினார். முறுக்கும் கோணம் இரு மடங்கானால் எதிர்க்கும் விசையும் இரு மடங்காகும் என்பது அதில் அவர் கண்டது. அப்படியானால் மெல்லிய கம்பியே ஒரு தராசு. மறு ஆண்டே அந்தத் தராசில் மின்விசையை நிறுத்துப் பார்த்துவிட்டார்.

கருவி பார்க்க எளிமையானது. கண்ணாடி உருளை ஒன்று. அதன் மேல் நிற்கும் குழாயின் உச்சியிலிருந்து மயிரிழை போன்ற வெள்ளிக் கம்பி தொங்குகிறது. கம்பியின் அடியில் கிடைமட்டமாக, அரக்குப் பூசிய மெல்லிய ஊசி. ஊசியின் ஒரு முனையில் நெட்டிப் பந்து. ஒரு செடித் தண்டின் உட்சோற்றில் செய்த உருண்டை அது. தஞ்சாவூரில் கோயில் பொம்மை செதுக்குவார்களே, அந்த நெட்டியைப் போலவே எடையில்லாத சாதி. அதே அளவுள்ள இன்னொரு பந்து உருளைக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். முதலில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மின்னேற்றிய குண்டூசித் தலையால் தொட்டதும் இரண்டும் மின்னூட்டத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு விலகும். கம்பியின் முறுக்கு திருப்பித் தள்ளும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஊசி நிற்கும்.

முதல் அளவில் ஊசி 36 பாகை விலகி நின்றது. அப்போது கம்பியின் முறுக்கும் 36 பாகை. பிறகு கூலும் உச்சியில் இருந்த திருகைத் திருப்பிப் பந்துகளை நெருங்க வைத்தார். இடைவெளியைச் சரிபாதியாக, 18 பாகைக்குக் கொண்டுவர, திருகை 126 பாகை திருப்ப வேண்டியிருந்தது. மொத்த முறுக்கு 126உம் 18உம் சேர்ந்து 144. அது 36இன் சரியான நான்கு மடங்கு. மூன்றாவதாகத் திருகை 567 பாகை, அதாவது ஒன்றரைச் சுற்றுக்கும் மேல், திருப்பினார். இடைவெளி எட்டரைப் பாகைக்கு வந்தது. மொத்த முறுக்கு 575½. தொலைவு ஏறக்குறைய கால்வாசி. விசை 36இன் பதினாறு மடங்குக்கு, அதாவது 576க்கு, அரைப் பாகைதான் குறைவு.

தொலைவு பாதியானால் விசை நான்கு மடங்கு, கால்வாசியானால் பதினாறு மடங்கு. இதுதான் எதிர்த்தகவு இருமடி விதி. மூன்றே மூன்று எண்களை வைத்துக்கொண்டு இதை அறிவித்தார் என்பது இன்றைய ஆய்வேட்டுக்காரர்களுக்குத் திகைப்பாக இருக்கும். எண்களும் சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தமானவை. கம்பி மிக மெல்லியதாக இருந்ததால் ஊசி நிற்கும் பூஜ்ஜிய இடமே சில பாகை தள்ளாடியதைக் கூலுமே எழுதி வைத்திருக்கிறார். இருநூறு ஆண்டு கழித்து, 1990களில் ஜெர்மானியரான பீட்டர் ஹேரிங் அதே மாதிரிக் கருவியைச் செய்து பார்த்தபோது இந்த எண்கள் வரவில்லை. 2006இல் அல்பெர்டோ மார்ட்டினெஸ் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் மறுபடி செய்தபோது கூலும் சொன்னதற்கு நெருக்கமாகவே வந்தன. கருவி கைக்கு அடங்காதது, விதி சரியானது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. மின்னூட்டம் புள்ளி போல இருக்க வேண்டும். அதாவது இடைவெளியோடு ஒப்பிட்டால் பொருளின் அளவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சாண் நீளச் சீப்பு புள்ளி ஆகாது. அதன் ஒவ்வொரு பல்லும் தனித்தனித் தொலைவிலிருந்து இழுக்கும். ஆகவே இங்கே வருவது தோராயக் கணக்குதான். ஆனால் விஷயம் புரிய அது போதும்.

அளவுகோலாகக் காகிதத் துணுக்கையே வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஏ4 தாள் 5 கிராம் எடை. அதை அரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் கிட்டத்தட்ட 2,500 துணுக்குகள் வரும். ஒன்றின் எடை 2 மில்லிகிராம். இனி, இரண்டு புள்ளிகளில் தலா 10 நானோ கூலும் மின்னூட்டம் இருப்பதாகக் கொள்வோம். உரசிய சீப்பில் இருக்கக்கூடிய அளவுதான் அது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அவற்றுக்கு இடையேயான விசை சுமார் 450 துணுக்குகளின் எடைக்குச் சமம். இரண்டு சென்டிமீட்டரில் சுமார் 112. மூன்றில் 50. பத்து சென்டிமீட்டரில் நான்கரைத் துணுக்கு.

இப்போது மின்னூட்டமில்லாத துணுக்குக்கு வருவோம். எதிர்மின்னூட்டம் பெற்ற சீப்பு மேலே வந்ததும் காகிதத்துக்குள் ஓர் இடமாற்றம் நடக்கிறது. காகிதம் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை எப்போதும் உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரத்தின் வழியே மின்னூட்டம் மெதுவாக நகர முடியும். நேர்மின்னூட்டம் சீப்பின் பக்கம் கூடுகிறது. எதிர்மின்னூட்டம் தூரத்து முனைக்குத் தள்ளப்படுகிறது. முற்றிலும் உலர்ந்த காகிதமாக இருந்தாலும், ஒவ்வொரு மூலக்கூறும் இருந்த இடத்திலேயே கொஞ்சம் இழுபட்டு, அதே திசையில் முனைகள் பிரிந்து நிற்கும். மொத்தக் கணக்கு இன்னும் பூஜ்ஜியம்தான். ஆனால் நேர் முனை கிட்டே, எதிர் முனை எட்டே.

அரை சென்டிமீட்டர்த் துணுக்கு எழுந்து நிற்கிறது. அதன் மேல்முனை சீப்பிலிருந்து 2 சென்டிமீட்டரில், கீழ்முனை 2½ சென்டிமீட்டரில். பிரிந்த மின்னூட்டம் இரு முனைகளிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், மேல்முனை இழுபடும் விசையை 100 என்றால் கீழ்முனை தள்ளப்படும் விசை 64. மிச்சம் 36. அந்த மிச்சம்தான் காகிதத்தைத் தூக்குகிறது. விசை தொலைவோடு குறையாத ஒன்றாக இருந்திருந்தால் 100க்கு 100 கழிந்து, துணுக்கு மேசையிலேயே கிடந்திருக்கும். படுத்திருக்கும் துணுக்கின் மேல்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் இடையே 0.1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் மிச்சமும் சொற்பம். எழுந்து நின்றால் முனைகள் நன்றாகப் பிரிகின்றன, இழுப்பும் கூடுகிறது. துணுக்குகள் முதலில் எழுந்து நிற்பதன் காரணம் இதுதான்.

தாவலுக்கும் இதே கணக்கு. சீப்பை ஒரு சென்டிமீட்டருக்கு இறக்கினால் 100 என்பது 400 ஆகிறது. ஒன்றரைச் சென்டிமீட்டரில் உள்ள கீழ்முனைக்கு 178. மிச்சம் 222. சீப்பு நெருங்கியதால் காகிதத்தில் பிரிந்து நிற்கும் மின்னூட்டமும் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கும். அதையும் பெருக்கினால் 700ஐத் தாண்டும். முன்பு 36ஆக இருந்தது இப்போது 700. ஒரு சென்டிமீட்டர் நகர்வுக்கு இருபது மடங்கு! ஒருமுறை மேசையை விட்டுவிட்டால், மேலே போகப் போக இழுப்பு ஏறிக்கொண்டே போகும். நடுவழியில் துணுக்கு நிற்க வாய்ப்பே இல்லை.

ஒட்டிய பிறகும் கதை முடிவதில்லை. சில துணுக்குகள் கொஞ்ச நேரத்தில் சீப்பிலிருந்து தெறித்து விழும். தொட்ட இடத்தில் சீப்பின் எதிர்மின்னூட்டத்தில் கொஞ்சம் காகிதத்துக்கு ஏறிவிடுகிறது. ஒத்தவை ஆனதும் விலக்கு. சாக்லேட் சுற்றிவரும் அலுமினியத் தாளைச் சிறிதாகக் கிழித்துப் போட்டால் இது பளிச்சென்று தெரியும்: வந்து தொட்டதும் சுண்டிவிட்டது போல எகிறும். இதில் ஒரு பாடமும் இருக்கிறது. ஒரு பொருள் சீப்பால் ஈர்க்கப்பட்டால் அதில் மின்னூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, காகிதமே சாட்சி. விலகினால் மட்டுமே உறுதியாகச் சொல்லலாம்.

வித்தை சில நாள் பலிக்காது. காற்றில் ஈரம் மிகுந்தால் சீப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். மின்னூட்டம் அதன் வழியே கசிந்து போய்விடும். கூலுமும் இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டியவர்தான். மின்னேற்றிய பொருள் ஈரக் காற்றில் எவ்வளவு வேகமாக மின்னூட்டத்தை இழக்கிறது என்பதற்காகவே 1785இல் தனிக் கட்டுரை எழுதினார். கடலோர ஊர்களில் முயன்று ஏமாந்தவர்கள் சீப்பையும் துணுக்குகளையும் அரை மணி நேரம் ஏசி அறையில் வைத்துவிட்டுச் செய்து பாருங்கள். அப்போதும் காகிதம் அசையாவிட்டால் தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்.